மாதத்தை நான்கால் வகுக்காதீர்கள்

சிங்கப்பூரில் குடும்ப வரவு செலவு ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் மாதச் செலவு தெரியும். வாடகை எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: 15ஆம் தேதி கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

2025 ஜனவரி நடுவில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கிடங்கு அலுவலகத்தில் வேலை, மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடும் சிண்டா சந்தாவும் போகக் கையில் வருவது ஏறத்தாழ 3,590. மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார், மகள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். வீவக வீட்டுக் கடன் சேமநிதியிலிருந்தே கழிந்துவிடுகிறது. ஆடம்பரம் எதுவும் இல்லாத வீடு. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குப் பிறகு கடன்பற்று அட்டையை எடுக்க வேண்டியிருந்தது.

முந்தைய மாத வங்கி அறிக்கையை மேசையில் விரித்து, கட்டணங்களை ஒரு நிறத்திலும் மற்றச் செலவுகளை வேறொரு நிறத்திலும் கோடிட்டோம். மற்றச் செலவு மட்டும் முதல் வாரம் 640, இரண்டாவது வாரம் 470, மூன்றாவது 290, நான்காவது 160. கூட்டினால் 1,560. அதற்கு மேல் அட்டையில் 310. மனைவி முதல் வாரத்து வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தேக்காவில் மீன், இறால், ஆட்டிறைச்சி. மகளுக்குக் காலணி. வெளியே இரண்டு முறை சாப்பாடு. "இதில் வேண்டாத செலவு எதுவும் இல்லையே அக்கா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வேண்டாத செலவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்குரியது ஒரு வாரத்தில் நடந்திருந்தது.

காரணம் எளிது. சம்பள நாளன்று கணக்கில் தெரிவது 3,590. அதில் ஏறத்தாழப் பாதி மின்சாரம், நகர மன்றம், காப்புறுதி, ஊரில் இருக்கும் பெற்றோர் என்று ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய பணம். அது இன்னும் போகவில்லை, அதனால் நம்முடையதுபோலத் தெரிகிறது. இரண்டாவது வாரத்துக்குள் கிரோ வழியாக ஒவ்வொன்றாகக் கழியும்போது, செலவே செய்யாமல் பணம் கரைகிறது என்ற பதற்றம் வருகிறது. மாத நடுவில் கணக்கு தப்புகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். அவர்களைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த எண் தவறானது.

வார வரம்பு இதற்கு நல்ல மருந்து, சரியாகக் கணக்கிட்டால். அவர்களுடைய நிலையான கட்டணங்களை முதலில் எழுதினோம். மின்சாரம், தண்ணீர், எரிவாயுவுக்கு 150, நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம் 70, தொலைபேசியும் இணையமும் 110, காப்புறுதி 250, பெற்றோருக்கு 400, மகளின் துணைப்பாடம் 250, போக்குவரத்து 200, சேமிப்பு 250. மொத்தம் 1,680.

பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகளையும் எழுதினோம். தீபாவளிக்கு 800, ஜனவரியில் பள்ளிப் புத்தகமும் சீருடையும் 300, திருமண மொய்க்கு 400, குளிர்சாதனப் பராமரிப்புக்கும் சில்லறைப் பழுதுக்கும் 300, ஊர்ப் பயணத்துக்கு 2,400. ஆண்டுக்கு 4,200, மாதத்துக்கு 350. இதை ஒதுக்காமல் போடும் வார வரம்பு முதல் திருமண அழைப்பிதழ் வந்ததும் உடைந்துவிடும்.

3,590இல் 1,680ஐயும் 350ஐயும் கழித்தால் மிச்சம் 1,560. மளிகை, காய்கறி, மீன், வெளிச்சாப்பாடு, முடிவெட்டு, துணிமணி எல்லாம் இதற்குள்.

"நான்கு வாரம், அப்படியென்றால் வாரத்துக்கு 390" என்று கணவர் உடனே சொல்லிவிட்டார். எல்லோரும் செய்வது இதுதான், திட்டம் தோற்பதும் இங்கேதான். நான்கு வாரம் என்பது 28 நாள்தான். ஆண்டுக்கு 48 வாரம் அல்ல, 52 வாரம். 390ஐ 52 வாரம் செலவழித்தால் 20,280 ஆகும். கையில் இருப்பதோ 1,560ஐப் பன்னிரண்டால் பெருக்கி வரும் 18,720. பள்ளம் 1,560. ஒரு முழு மாதத்துச் சாப்பாட்டுப் பணம் காணாமல் போயிருக்கும். ஆகவே மாதத் தொகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும். அவர்களுக்கு வந்தது 360.

வாரத்தை எந்தக் கிழமையில் தொடங்குவது? வெள்ளிக்கிழமை என்பது என் தீர்மானமான கருத்து. திங்களில் தொடங்கினால், வாரத்தின் பெரிய செலவான ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பணம் வற்றிய பிறகு வருகிறது. அப்போது குறைக்க நாளும் இல்லை, மனமும் வராது. வெள்ளியில் தொடங்கினால் பெரிய செலவு முதலில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நான்கு சாதாரண நாள்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோக முடிகிற நாள்கள்.

இந்த வீட்டில் ஞாயிறு சந்தைக்கு 120, பேரங்காடிக்கு 60, குடும்பத்தோடு ஒருவேளை வெளிச்சாப்பாட்டுக்கு 50 என்று பிரித்தோம். அப்படியானால் ஞாயிறு இரவு 130 வெள்ளி இருக்க வேண்டும். வாரம் முழுவதும் கணக்கு எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை. ஞாயிறு இரவு ஒரே ஓர் எண்ணைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிறார்கள்.

பணத்தைத் தனியே வைப்பது அடுத்த வேலை. சம்பளம் வரும் கணக்கில் கட்டணங்கள் மட்டும் கழிய வேண்டும். அன்றாடச் செலவுக்கு இரண்டாவது கணக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 360 அதற்குத் தானாகப் போகும்படி வங்கிச் செயலியில் அமைத்தோம். இரண்டாவது கணக்கை வேறு வங்கியில் வைக்கச் சொன்னேன். ஒரே வங்கியில் இருந்தால் கடையில் கியூஆர் குறியீட்டை வருடும்போது சம்பளக் கணக்கே முன்னால் வந்து நிற்கலாம், அவசரத்தில் யாரும் மாற்றுவதில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் மாதக் கட்டணம் பிடிக்கும் கணக்குகள் உண்டு. வாரக் கணக்கு ஒவ்வொரு வியாழனும் காலியாகும் என்பதால் அந்த நிபந்தனை இல்லாத கணக்காகப் பார்த்துத் திறக்க வேண்டும். சேமிப்பும் ஆண்டுச் செலவுப் பணமும் மூன்றாவது கணக்குக்குச் சம்பள நாளன்றே போய்விடும்.

போக்குவரத்தை வாரப் பணத்தில் சேர்க்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. வங்கி அட்டையைத் தட்டி பஸ்சிலும் எம்ஆர்டியிலும் போனால் கட்டணம் அன்றே கழிவதில்லை. சில நாள் பயணங்கள் சேர்ந்து பிறகு மொத்தமாகக் கழியும். ஞாயிறு இரவு பார்க்கும் எண்ணை அது குழப்பிவிடும்.

பிப்ரவரியில் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு இரவு மனைவி அழைத்தார். "அக்கா, 130 இருக்க வேண்டிய இடத்தில் 42 இருக்கிறது. சம்பளக் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா?" வேண்டாம் என்றேன். நான்கு நாளைக் கையில் இருக்கும் பருப்பையும் முட்டையையும் வைத்து ஓட்டிப் பாருங்கள், அப்படியும் போதாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமைப் பணத்திலிருந்து எடுத்து, அந்த வாரத்தைக் குறைந்த தொகையோடு தொடங்குங்கள் என்றேன். 40 வெள்ளி எடுத்தார்கள், அடுத்த வாரம் 320ஆகத் தொடங்கியது. மீறல் ஒரு வாரத்துக்குள்ளேயே தீர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே விதி. தொடர்ந்து மூன்று வாரம் இப்படிக் கடன் வாங்க நேர்ந்தால் திட்டினால் சரியாகாது, வரம்பே அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை, பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் வேறொன்று. வாரக் கணக்கு ஒழுங்காக இருந்தது, ஆனால் சம்பளக் கணக்கில் 96 வெள்ளி குறைந்தது. வரிவரியாகப் பார்த்தோம். உணவு விநியோகச் செயலியிலும் வாடகை கார் செயலியிலும் பழைய அட்டையின் எண்ணே சேமிக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் வாரக் கணக்கின் அட்டையை மாற்றினோம். சம்பளக் கணக்கின் அறிக்கையில் ஒரு கடையின் பெயர் தென்பட்டாலே எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சந்தேகம் கணவருக்கு வந்தது. ஐந்து வெள்ளிக்கிழமை வரும் மாதத்தில் 1,800 போகுமே, 1,560தானே இருக்கிறது? நியாயமான கேள்வி. நான்கு வெள்ளிக்கிழமை வரும் மாதத்தில் 1,440தான் போகும், 120 மிஞ்சும். அது சம்பளக் கணக்கிலேயே கிடக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் 360 சேர்ந்தது. மே மாதத்தில் ஐந்து வெள்ளிக்கிழமை, 240 போய் 120 நின்றது. ஜூன், ஜூலையில் மீண்டும் 360. ஆகஸ்ட்டில் ஐந்து. ஜூலைக் கடைசியில் அந்த 360ஐப் பார்த்து, "மிச்சப் பணம் இருக்கிறதே" என்று ஒரு மின்விசிறி வாங்க நினைத்தார்கள். அது ஐந்தாவது வாரத்துச் சோறு என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. ஜனவரியிலேயே தொடங்கியிருந்தால், அந்த ஜனவரியிலும் ஐந்து வெள்ளிக்கிழமை இருந்ததால், முதல் மாதமே 240 இடித்திருக்கும். அப்படித் தொடங்க நேர்பவர்கள் அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இது உதவாது. கட்டணங்களைக் கழித்த பிறகு வாரத்துக்கு வரும் தொகை அரிசி, காய்கறிக்கே போதாது என்றால், எத்தனை கணக்கு திறந்தாலும் பயனில்லை. கட்டணங்களைத்தான் குறைக்க வேண்டும், அல்லது உதவி நாட வேண்டும். கடன்பற்று அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவர்களுக்கு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் ஓடுகிறது. அவர்கள் லாப நோக்கற்ற கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பிடம் முதலில் பேசுவது நல்லது. கூடுதல் நேர வேலையால் சம்பளம் ஏறி இறங்குபவர்கள் கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த சம்பளத்தை வைத்து வார வரம்பைக் கணக்கிட வேண்டும், சராசரியை வைத்து அல்ல.

அந்தத் தம்பதிக்கு அக்டோபர்தான் பெரிய சோதனை. தீபாவளி 20ஆம் தேதி, மாதத்தில் ஐந்து வெள்ளிக்கிழமை. தீபாவளிச் செலவு மூன்றாவது கணக்கிலிருந்து போனது. செப்டம்பர் வரை சேர்ந்திருந்த 240 ஐந்தாவது வாரத்துக்குப் போனது. அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை காலை 360 இடம் மாறியபோது சம்பளக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று மாலை சம்பளம் வந்தது. அட்டையை எடுக்கவில்லை என்று மனைவி செய்தி அனுப்பியிருந்தார்.