பக்கத்து வாரம் 24, அடுத்த மாதம் 17: காலெண்டர் ஸ்பிரெட்டில் அந்த 7 யாருக்குப் போகிறது?

புரோக்கிங் அலுவலகம் ஒன்றில் ரிஸ்க் டெஸ்க்கில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். பெரிய நிகழ்வு எதுவும் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரே மாதிரியான பொசிஷன்கள் என் திரையில் வரிசையாக ஏறத் தொடங்கும். பக்கத்து எக்ஸ்பைரி ஆப்ஷனை விற்று, அதே ஸ்ட்ரைக்கில் தள்ளியிருக்கும் எக்ஸ்பைரி ஆப்ஷனை வாங்கியிருப்பார்கள். இதுதான் காலெண்டர் ஸ்பிரெட். அழைத்துக் கேட்டால் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "சார், வீக்லி ஐவி 24, மன்த்லி ஐவி 17. விலை கூடினதை வித்து, குறைஞ்சதை வாங்கியிருக்கேன்."

ஐவி என்பது சந்தை எவ்வளவு அசையும் என்று ஆப்ஷன் விலைக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு, வருடக் கணக்கில் சதவீதமாக. அதனால் அவர்கள் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 24-க்கும் 17-க்கும் நடுவில் உள்ள இடைவெளி, சந்தை கவனிக்காமல் விட்டுவிட்ட காசு அல்ல. அதன் பெரும்பகுதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது புரியாமல் இந்த ஸ்பிரெட்டுக்குள் போகிறவர்கள், கணக்கில் தெரிந்த லாபம் கைக்கு வராமல் போனது ஏன் என்று பிறகு என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நிஃப்டி 25,000-ல் இருக்கிறது. தேர்தல் முடிவு போல ஒரு பெரிய விஷயம் இந்த வாரத்துக்குள் வருகிறது. 7 நாளில் முடியும் 25,000 கால் ஆப்ஷனின் ஐவி 24 சதவீதம். 35 நாளில் முடியும் 25,000 காலின் ஐவி 17 சதவீதம். வட்டியை ஒதுக்கிவிட்டால் முதலாவதின் விலை ஏறத்தாழ 330, இரண்டாவதின் விலை 525. விற்றதில் 330 வந்தது, வாங்கியதில் 525 போனது, கையிலிருந்து போவது 195 புள்ளி. லாட் 65 என்றால் 12,675 ரூபாய்.

இப்போது நிஃப்டி 25,000-லேயே நின்று பக்கத்து எக்ஸ்பைரி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்ற கால் பூஜ்யமாகிறது. வாங்கிய காலுக்கு இன்னும் 28 நாள் இருக்கிறது. அதன் ஐவி 17-லேயே இருந்தால் விலை சுமார் 470. செலவான 195 போக 275 புள்ளி லாபம். பேஆஃப் வரைபடத்தில் கூடாரம் மாதிரி தெரியும் கோட்டின் உச்சி அதுதான். பல செயலிகள், நீங்களாக மாற்றாத வரை, தூர ஐவி அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கூடாரத்தை வரைகின்றன.

பிரச்சினை இங்கேதான். 35 நாள் ஆப்ஷனுக்குள் முதல் 7 நாளும் அடக்கம். நிகழ்வு நடக்கப்போகும் அதே வாரம் அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. ஆக அந்த 17 என்பது ஒரு கொந்தளிப்பான வாரமும் நான்கு சாதாரண வாரங்களும் சேர்ந்த கலவை. கொந்தளிப்பான வாரம் கழிந்த பிறகு மிச்சம் இருக்கும் நான்கு வாரத்துக்கு சந்தை இன்றைக்கே என்ன ஐவி வைத்திருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதை ஃபார்வர்ட் ஐவி என்பார்கள்.

கணக்கு கஷ்டமில்லை. ஐவியை நேரடியாகக் கூட்டிக் கழிக்க முடியாது, அதன் வர்க்கத்தை நாட்களால் பெருக்கினால் முடியும். தூர ஆப்ஷனுக்கு 17-ன் வர்க்கம் 289, அதை 35 நாளால் பெருக்கினால் 10,115. பக்கத்து ஆப்ஷனுக்கு 24-ன் வர்க்கம் 576, 7 நாளால் பெருக்கினால் 4,032. கழித்தால் 6,083. அதுதான் மிச்சம் 28 நாளுக்கான சரக்கு. 28-ஆல் வகுத்தால் 217, அதன் வர்க்கமூலம் 14.7. எக்செல்லில் போடுகிறவர்கள் A1-ல் பக்கத்து ஐவி, B1-ல் அதன் நாட்கள், A2-ல் தூர ஐவி, B2-ல் அதன் நாட்கள் என்று வைத்துக்கொண்டால்:

```
=SQRT((A2^2*B2 - A1^2*B1)/(B2 - B1))
```

சரி, 14.7 வந்துவிட்டது. இது என்ன சொல்கிறது? நிகழ்வு முடிந்த பிறகு நீங்கள் வாங்கிய ஆப்ஷனின் ஐவி 17-லிருந்து 14.7 பக்கம் இறங்கும் என்பது இன்றைய விலைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் 24-ஐ விற்று 17-ஐ வாங்கியதாக நினைத்தீர்கள். உண்மையில் இந்த வார நிகழ்வை 24-ல் விற்று, அதற்குப் பிறகான நான்கு வாரத்தை 14.7-ல் வாங்கியிருக்கிறீர்கள்.

14.7 ஐவியில் 28 நாள் காலின் விலை 470 அல்ல, சுமார் 406. நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையாத அந்த அபூர்வ நிலையிலும் லாபம் 275-லிருந்து 211-ஆகக் குறைகிறது. இதைவிட முக்கியமானது கூடாரத்தின் அகலம். ஐவி மாறாது என்று வரைந்த படத்தில் நிஃப்டி மேலே ஏறத்தாழ 740 புள்ளி போகும் வரை நஷ்டம் இல்லை. 14.7-ஐப் போட்டு வரைந்தால் இரண்டு பக்கமும் சுமார் 540 புள்ளிதான் இடம். நிஃப்டி 750 புள்ளி ஏறி 25,750-ல் முடிந்தால், முதல் படம் 'வரவும் செலவும் சரி' என்கிறது. இரண்டாவது படம் 54 புள்ளி, அதாவது லாட்டுக்கு 3,510 ரூபாய் நஷ்டம் என்கிறது. நான் நம்புவது இரண்டாவது படத்தைத்தான்.

இந்த 540-ஐ இன்னொரு எண்ணோடு ஒப்பிட வேண்டும். பக்கத்து எக்ஸ்பைரியின் 25,000 காலும் புட்டும் சேர்ந்து 660 புள்ளி. அந்த வாரத்தில் நிஃப்டி சராசரியாக இவ்வளவு தூரம் போகலாம் என்று சந்தை வைத்திருக்கும் விலை அது. சந்தை எதிர்பார்க்கும் சராசரி அசைவே உங்கள் கூடாரத்துக்கு வெளியே விழுகிறது. 24 சரி, 14.7-உம் சரி என்று சந்தையோடு ஒத்துப்போகிறவருக்கு இந்த ஸ்பிரெட்டில் நீண்ட கால லாபம் என்று ஒன்றும் கிடையாது. செலவைக் கழித்தால் நஷ்டம்தான். லாபம் வர இரண்டே வழி உண்டு. நிகழ்வு 660 புள்ளி அளவுக்குச் சந்தையை அசைக்காது என்று நினைக்க உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். அல்லது நிகழ்வு முடிந்தாலும் ஐவி 14.7-க்கு மேலே நிற்கும் என்று நினைக்கக் காரணம் இருக்க வேண்டும். இரண்டாவதைச் சோதிப்பது எளிது. நிகழ்வு எதுவும் இல்லாத கடந்த சில மாதங்களில் 28 நாள் ஐவி எங்கே இருந்தது என்று பாருங்கள். அது 12, 13 என்று இருந்திருந்தால் 14.7 மலிவு கிடையாது. 16, 17 என்று இருந்திருந்தால் யோசிக்கலாம்.

2024 ஜூன் 4-ஐ எங்கள் டெஸ்க்கில் யாரும் மறக்கவில்லை. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884-ல் முடிந்தது. இந்தியா விக்ஸ் 26-க்கு மேலே நின்றது. மறுநாள் நிஃப்டி 700 புள்ளிக்கு மேல் திரும்ப ஏறியது, விக்ஸ் ஒரே நாளில் 19 பக்கம் வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் முந்தைய நாள் 23,300 காலில் காலெண்டர் போட்டிருந்தார். 4-ஆம் தேதி விற்ற வாரக் கால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனதும், அதை லாபத்தில் மூடிவிட்டு, வாங்கிய மாதக் காலை மட்டும் வைத்துக்கொண்டார். சந்தை திரும்பினால் இது பறக்கும் என்று கணக்கு. சந்தை அவர் நினைத்தபடியே திரும்பியது. ஆனால் கால் பறக்கவில்லை, கொஞ்சம்தான் ஏறியது. ஏற்றம் கொடுத்ததில் பெரும்பகுதியை ஐவி இறக்கம் தின்றுவிட்டது. போனில் அவர் "நிஃப்டி ஏறுதே சார், இது ஏன் ஏறல?" என்று கேட்ட குரல் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் திசையைத் தப்பாகக் கணிக்கவில்லை. தூர ஆப்ஷனுக்குள் இருந்த நிகழ்வு விலை கரையும் என்பது மட்டும் அவர் கணக்கில் இல்லை.

எந்த லெக்கில் எவ்வளவு ஐவி ஆபத்து என்பதையும் இதே உதாரணத்தில் பார்க்கலாம். ஐவி 1 சதவீதம் மாறினால் 35 நாள் கால் சுமார் 31 புள்ளி மாறும், 7 நாள் கால் சுமார் 14 புள்ளி மாறும். நிகழ்வுக்கு முன்பே, ஏதோ ஒரு நல்ல செய்தியில் இரண்டு ஐவியும் ஒன்றாக 2 இறங்கினால், நிஃப்டி நகராமலே உங்களுக்கு 34 புள்ளி போகிறது. பதற்றம் குறைந்தால் காலெண்டர் லாபம் தரும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பக்கத்து ஐவி தூர ஐவியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இறங்கினால்தான் அந்த இறக்கம் உங்களுக்குச் சாதகம்.

அப்புறம், இந்தக் கணக்கில் போடும் ஐவியே சரியானதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி, ஆனால் கால் ஐவி 15, புட் ஐவி 18 என்று திரை காட்டினால், அந்த ஐவி ஸ்பாட் விலையை வைத்துப் போட்டது என்று சந்தேகப்படலாம். இந்த வித்தியாசத்தைக் கூடுதல் லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எக்ஸ்பைரிக்கான உண்மையான அடிப்படை விலை வேண்டுமென்றால், ஸ்ட்ரைக்கோடு கால் விலையைக் கூட்டி புட் விலையைக் கழியுங்கள். 25,000 காலின் விலை 600, புட் 480 என்றால் அந்த எக்ஸ்பைரி 25,120-ஐ வைத்து விலை போகிறது. அதை வைத்து ஐவி போட்டால் காலும் புட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். இந்தத் திருத்தம் செய்த பிறகு நான் பார்த்த பல 'பெரிய' இடைவெளிகள் பாதியாகிவிட்டன.

கடைசியாக மார்ஜின். மேலே போட்ட கணக்கு பக்கத்து எக்ஸ்பைரி முடியும் வரை வைத்திருப்பதாகப் போட்டது. நடைமுறையில் அது கனமானது. செபி 2024 அக்டோபரில் கொண்டுவந்த மாற்றங்களின்படி, எக்ஸ்பைரி நாளன்று அன்றைக்கு முடியும் ஒப்பந்தத்துக்குக் காலெண்டர் ஸ்பிரெட் மார்ஜின் சலுகை கிடையாது. 2025 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதோடு, அன்றைக்கு முடியும் இன்டெக்ஸ் ஆப்ஷனை விற்று வைத்திருந்தால் 2 சதவீதக் கூடுதல் மார்ஜினும் உண்டு. முந்தைய நாள் வரை ஸ்பிரெட்டாகத் தெரிந்த பொசிஷன், அன்று காலை மார்ஜின் கணக்கில் வெறுமனே விற்ற ஆப்ஷனாகத் தெரியும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மூட வேண்டியிருக்கும், அது உங்களுக்குப் பிடித்த விலையில் நடக்காது. பங்கு ஆப்ஷனில் இன்னும் ஒரு படி மேலே போகும். விற்ற காலின் ஸ்ட்ரைக்குக்கு மேலே பங்கு விலை முடிந்தால் பங்கையே டெலிவரி கொடுக்க வேண்டும், கையில் இருக்கும் அடுத்த மாதக் கால் அதற்கு உதவாது.

அதனால் எங்களிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. நிஃப்டியில் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி என்றால் திங்கட்கிழமை மதியத்துக்குள் இரண்டு லெக்கையும் ஒன்றாக மூடுங்கள். விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள், பிறகு வாங்கியதை விற்றுவிடுங்கள். உள்ளே போகும்போதே அந்தத் திங்கட்கிழமைக்கு, ஃபார்வர்ட் ஐவியை வைத்து, விலையைப் போட்டுப் பாருங்கள். எங்கள் உதாரணத்தில் அப்படிப் போட்டதும் பாதிப் பேர் ஆர்டரை அனுப்பவே இல்லை.