தள்ளிவிட்ட அறிவிப்பு எங்கே போகிறது?

மேலிருந்து வந்து விழும் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் விரல், படிக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. போனது வாட்ஸ்அப் செய்தியோ எஸ்எம்எஸ்ஸோ என்றால் பதற வேண்டியதில்லை. நாம் அழித்தது செய்தி வந்த தகவலைத்தான்; செய்தி அந்தந்தச் செயலிக்குள் அப்படியே கிடக்கும். சிக்கல் வேறு மூன்று இடங்களில் வருகிறது. எந்தச் செயலியிலிருந்து வந்தது என்றே கவனிக்கவில்லை. அல்லது அந்தச் செயலி தன் அறிவிப்புகளை எங்கும் சேமித்து வைப்பதில்லை. அல்லது நாம் போய்ப் பார்ப்பதற்குள் அனுப்பியவரே செய்தியை அழித்துவிட்டார். ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள 'Notification history' என்ற பக்கம் உதவுவது இந்த மூன்று நேரங்களில்தான்.

அது எப்படி உதவுகிறது என்று புரிய, அறிவிப்பு திரைக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். எந்தச் செயலியும் திரையின் மேல்பகுதியில் தானாக எதையும் எழுதிவிட முடியாது. தலைப்பு, வாசகம், சின்னம், தொட்டால் எது திறக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கட்டாக்கி ஆண்ட்ராய்டிடம் ஒப்படைக்கிறது. அதை வாங்கி, ஒலி எழுப்பலாமா, எந்த வரிசையில் காட்டலாம் என்று முடிவு செய்வது இயங்குதளத்துக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நோட்டிஃபிகேஷன் மேனேஜர் என்ற சேவை. நாம் தள்ளிவிடும்போது, தற்போது காட்ட வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து அந்தக் கட்டை அது நீக்குகிறது. அவ்வளவுதான் நடக்கிறது.

2020இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11இல் இந்தச் சேவைக்கு இன்னொரு வேலையும் தரப்பட்டது. அறிவிப்பு வந்து சேரும்போதே எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, என்ன தலைப்பு, என்ன வாசகம் என்று ஒரு வரி தனியாகப் பதிவாகிறது. தபால் நிலையத்தில் பதிவுத் தபாலைக் கையில் கொடுக்கும் முன்பே பேரேட்டில் எழுதிவிடுவதைப் போல. எழுதப்படுவது வரும்போது, தள்ளும்போது அல்ல என்பதுதான் இதில் முக்கியம். அதனால்தான் அனுப்பியவர் பிறகு செய்தியை அழித்தாலும், செயலி தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் அந்த வரி இருக்கிறது.

ஆனால் இந்த வசதி வழக்கமாக அணைந்த நிலையில்தான் இருக்கும். முன்கூட்டியே ஆன் செய்திருந்தால்தான் பயன். தவறவிட்ட பிறகு ஓடிப்போய் ஆன் செய்தால் பழையது எதுவும் கிடைக்காது. கூகுள் பிக்சல் போனில் Settings திறந்து Notifications, அதற்குள் Notification history என்று போக வேண்டும். சாம்சங்கில் Notifications பக்கத்தில் Advanced settings என்பதற்குள் இருக்கிறது. வேறு போன் என்றால் Settings மேலே உள்ள தேடல் பெட்டியில் notification history என்று தட்டிப் பார்ப்பதே குறுக்கு வழி. தேடியும் வரவில்லை என்றால் அந்தத் தயாரிப்பாளர் இந்தப் பக்கத்தைத் தரவில்லை என்று கொள்ளலாம்.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலியிலிருந்து 7.40க்கு ஓர் அறிவிப்பு: 'இன்று 10 முதல் 2 வரை தண்ணீர் வராது.' அதற்கு மேலும் கீழும் விளம்பரங்கள், ஆஃபர்கள். 7.50க்கு Clear all தட்டியதும் எல்லாம் போய்விட்டன. தண்ணீர் என்று ஏதோ கண்ணில் பட்டது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலே Recently dismissed என்ற தலைப்பில் கடைசியாகத் தள்ளிய சில மட்டும் தெரியும். ஒரேயடியாக இருபது தள்ளியிருந்தால் நமக்கு வேண்டியது அந்தச் சிலவற்றில் இல்லாமல் போகலாம். அங்கேயே நின்று 'இல்லை' என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதற்குக் கீழே கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை செயலிவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். குடியிருப்புச் செயலியின் பெயரைத் தொட்டு விரித்தால் 7.40 வரி முழு வாசகத்தோடு நிற்கும்.

இந்த இரண்டு பகுதிகளும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. மேலே உள்ளது போனின் தற்காலிக நினைவகத்தில் இருப்பது. போனை அணைத்து ஆன் செய்தால் காலியாகிவிடும். கீழே உள்ளது சேமிப்பகத்தில் கோப்பாக எழுதப்படுவது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் இருக்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் உடனுக்குடன் எழுதினால் பேட்டரி வீணாகும் என்பதால் சேர்த்து வைத்துச் சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதுகிறது. ஒரு நாள் தாண்டியவை தாமாகவே நீக்கப்படுகின்றன. ஆகவே நேற்று முன்தினம் தவறவிட்டதை இங்கே தேடிப் பயனில்லை.

வாட்ஸ்அப் போன்ற அரட்டைச் செயலிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அக்கா மூன்று செய்திகளை இடைவெளி விட்டு அனுப்பினால், செயலி தன் அறிவிப்பை மூன்று முறை புதுப்பிக்கும். ஒவ்வொரு முறையும் அதில் உள்ள கடைசிச் செய்தி மட்டும் பதிவாகும். ஆக மூன்று வரிகள், மூன்றும் படிக்கக் கிடைக்கும். போனில் இணையம் இல்லாமல் இருந்து, பிறகு மூன்றும் ஒன்றாக வந்து ஒரே அறிவிப்பாகக் காட்டப்பட்டால், கடைசி வரி மட்டுமே பதிவில் தங்கும். முதல் செய்தியை அக்கா அழித்திருந்தால் அது போனதுதான். வரலாற்றில் சில செய்திகள் இருந்து சில இல்லாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பதிவாவது எழுத்து மட்டும்தான். படம் வந்திருந்தால் 'Photo' என்ற சொல் இருக்கும், படம் இருக்காது. குரல் பதிவும் அப்படியே. அறிவிப்பில் வாசகத்தைக் காட்டாதே என்று செயலிக்குள் அமைத்திருந்தால் 'புதிய செய்தி' என்ற அளவில்தான் பதிவும் இருக்கும், ஏனென்றால் செயலி இயங்குதளத்திடம் ஒப்படைத்ததே அவ்வளவுதான். அந்த அரட்டையைத் திறந்து வைத்திருக்கும்போது வந்த செய்திக்கு அறிவிப்பே எழாது, எனவே வரியும் இல்லை. அறிவிப்பு அனுமதி மறுக்கப்பட்ட செயலிகளுக்கும் இதே நிலை.

ஐபோனில் இதற்கு ஈடான பக்கம் கிடையாது. தள்ளாமல் விட்ட பழைய அறிவிப்புகள் அதன் நோட்டிஃபிகேஷன் சென்டரில் காத்திருக்கும். அழித்துவிட்டால் செயலிக்குள் போய்த் தேடுவது ஒன்றே வழி.

ஆண்ட்ராய்டில் இதற்கென்றே செயலிகள் கடையில் நிறைய உள்ளன. மாதக்கணக்கில் சேமித்துத் தருவதாகச் சொல்பவை. அவை கேட்பது எல்லா அறிவிப்புகளையும் படிக்கும் அனுமதி. வங்கியின் ஓடிபி, மருத்துவமனையின் செய்தி, வீட்டாரின் பேச்சு எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஒரு தவறிய செய்திக்காக முகம் தெரியாத ஒருவரிடம் இதைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். போனிலேயே உள்ள பதிவு, பூட்டு திறக்கப்பட்ட பிறகே படிக்கக்கூடிய மறையாக்கச் சேமிப்பில் இருக்கிறது. திறந்த போனைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அதைப் பார்க்கலாம் என்பதும் உண்மை. பழுது பார்க்கக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தில் உள்ள பொத்தானை ஒருமுறை அணையுங்கள். அதுவரை சேர்ந்த வரிகள் எல்லாம் அப்போதே அழிந்துவிடும். போன் திரும்பி வந்ததும் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.