நாலு என்பது எட்டில் பாதி இல்லை

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை விடிகாலை 5.36. டெல்லியில் இருந்தவர்கள் யாரும் அந்த நேரத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் யாரோ பாறாங்கல்லை உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம், கூடவே ஒரு உதறல், சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. முனிர்க்காவில் எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் சால்வையும் ஸ்வெட்டருமாகக் கீழே இறங்கி நின்றோம். தேசிய நில அதிர்வியல் மையம் வெளியிட்ட தகவல் கைப்பேசியில் வந்தது: அளவு 4.0, ஆழம் 5 கிலோமீட்டர், மையம் தௌலா குவான் பக்கம். அதாவது எங்களுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில்.

எதிர்வீட்டு மாமா அப்போது கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "2015-ல நேபாளத்துல வந்தது 7.8. இது 4. அப்படின்னா அதுல பாதின்னு வெச்சுக்கலாமாப்பா? ஆனா எனக்கென்னமோ இன்னிக்குதான் ஜாஸ்தியா தூக்கிப் போட்டது."

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். நமக்கு எவ்வளவு ஆடியது என்பது ஒன்று, நடுக்கம் தன்னளவில் எவ்வளவு பெரியது என்பது வேறொன்று. 2015 ஏப்ரல் 25 நடுக்கம் தொடங்கிய கோர்க்கா பகுதி டெல்லியிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அன்றைக்கு இங்கே ஃபேன் மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆடியது, தலை சுற்றுகிறதோ என்று பலர் நினைத்தார்கள். பிப்ரவரியில் வந்தது காலுக்குக் கீழேயே வெடித்தது. பக்கத்தில் வெடித்த ஊசிப்பட்டாசும் தொலைவில் வெடித்த அணுகுண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்தப் 'பாதி'க்கு வருவோம்.

1935-ல் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் தன் அளவுகோலை உருவாக்கியபோது கையில் இருந்தது வுட்-ஆண்டர்சன் என்ற ஒரு வகை நில அதிர்வுமானி. நடுக்கத்தின் மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அது நின்றால், பதிவுத்தாளில் கோடு 1 மில்லிமீட்டர் விலகினால், அந்த நடுக்கத்துக்கு 3 என்று பெயர். 10 மில்லிமீட்டர் என்றால் 4. 100 மில்லிமீட்டர் என்றால் 5. சிறியதும் பெரியதுமாக நடுக்கங்களின் வீச்சு லட்சக்கணக்கான மடங்கு வேறுபட்டதால் வேறு வழியில்லை, பத்தாம் வகுப்பில் படித்த மடக்கைதான் இது. ஆக ஒரு எண் கூடினால் கோட்டின் உயரம் 10 மடங்கு. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அடுத்த வரியில் "ஆனால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது என்ன 32? எங்கிருந்து வந்தது? பள்ளியில் இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் "அப்படித்தான், எழுதிக்கோ". பல வருடங்கள் கழித்து உண்மையான பதிலைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

நிலநடுக்கம் என்பது ஒரு புள்ளியில் நடக்கும் வெடிப்பு இல்லை. பூமிக்கடியில் ஒரு பிளவு இருக்கிறது, அதன் இருபுறமும் பாறை, இரண்டும் ஒன்றையொன்று அழுத்தித் தள்ளிக்கொண்டு சிக்கி நிற்கின்றன. சிக்கல் விடும்போது ஒரு பக்கம் சறுக்குகிறது. எவ்வளவு நீளத்துக்குச் சறுக்கியது, எவ்வளவு அகலத்துக்கு, எத்தனை தூரம் நகர்ந்தது என்ற மூன்றையும் பெருக்கி, பாறையின் விறைப்பையும் சேர்த்துப் பெருக்கினால் வருவதுதான் சீஸ்மிக் மொமென்ட். இந்த யோசனையை 1966-ல் கொடுத்தவர் கெய்இச்சி அகி. அதை மறுபடி ரிக்டர் மாதிரியான எண்ணாக மாற்றும் வழியை 1977-ல் ஹிரோ கனமோரி சொன்னார். இன்று பெரிய நடுக்கங்களுக்கு நாம் கேட்கும் எண் ரிக்டருடையது இல்லை, கீழே உள்ள Mw-தான். M0 என்பது நியூட்டன்-மீட்டரில் சீஸ்மிக் மொமென்ட்:

```
M0 = விறைப்பு × நீளம் × அகலம் × சறுக்கல்
Mw = (2/3) × (log10 M0 − 9.1)
```

இப்போது கவனியுங்கள். ஒரு ஈர்க்குச்சியை வளையுங்கள். ஒரு சாண் குச்சி கொஞ்சம் வளைந்ததுமே ஒடிந்துவிடும். அதே தடிமனில் மூன்று அடி நீளக் குச்சியின் நுனி ஒடிவதற்குள் வெகுதூரம் போய்வரும். பாறையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில சென்டிமீட்டர் திரிபைத்தான் அது தாங்கும். அதனால் சிறிய பிளவு சறுக்கினால் கொஞ்சம்தான் நகரும், பெரிய பிளவு சறுக்கினால் அதே விகிதத்தில் நிறைய நகரும். அதாவது நீளம் கூடினால் அகலமும் கூடுகிறது, சறுக்கலும் கூடுகிறது. மூன்றும் கைகோத்துக்கொண்டு வளர்கின்றன. லட்டின் விட்டத்தைப் பத்து மடங்காக்கினால் அதற்குக் கடலை மாவு ஆயிரம் மடங்கு வேண்டும் இல்லையா? அதேதான் இங்கேயும். மூன்றும் பத்துப் பத்து மடங்கானால் பெருக்கல் ஆயிரம் மடங்கு. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், ஆயிரம் மடங்கு என்பது சரியாக 2 எண்கள். சறுக்கும்போது பாறையின் இறுக்கம் சிறிய நடுக்கத்திலும் பெரிய நடுக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தளர்கிறது, அதனால் அலையாக வெளியேறும் ஆற்றலும் இந்தப் பெருக்கலோடு சேர்ந்தே ஏறுகிறது. இரண்டு எண்ணுக்கு ஆயிரம் மடங்கு என்றால் ஒரு எண்ணுக்கு? ஆயிரத்தின் வர்க்கமூலம், 31.6. அந்த 32 இங்கிருந்துதான் வருகிறது!

மாமாவின் கணக்கை இதில் போட்டுப் பார்ப்போம். அளவு 4.0 நடுக்கத்துக்குச் சூத்திரம் தருவது, ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், சுமார் 4.2 சென்டிமீட்டர் சறுக்கல். (தௌலா குவானுக்கு அடியில் யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. அந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடிய பரிமாணம் இது.) நேபாளத்தில் சறுக்கிய பரப்பு சுமார் 140 கிலோமீட்டர் நீளம், 50 கிலோமீட்டர் அகலம், சராசரியாக 3 மீட்டர் நகர்வு. நீளம் 140 மடங்கு, அகலம் 50 மடங்கு, சறுக்கல் 71 மடங்கு. பெருக்குங்கள், கிட்டத்தட்ட 5 லட்சம். எண்களின் வித்தியாசமான 3.8-ஐ வைத்து நேராகக் கணக்கிட்டாலும் அதே 5 லட்சம்தான் வருகிறது. பாதி இல்லை மாமா, ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு.

மின்கட்டணக் கணக்கில் சொன்னால் இன்னும் உறைக்கும். 4.0 நடுக்கம் அலைகளாக வெளியிடும் ஆற்றல் சுமார் 17,500 யூனிட். மாதம் 300 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷம்கூட முழுசாக வராது. 7.8-க்கு அதே கணக்கு 880 கோடி யூனிட். அதாவது அப்படிப்பட்ட 24 லட்சம் வீடுகளுக்கு ஒரு வருடம் முழுக்க. செய்தியில் 0.2 கூடியிருந்தால் அதைச் சில்லறை வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள், அது ஆற்றலில் இரண்டு மடங்கு.

அப்படியானால் ரிக்டரின் பழைய முறையையே வைத்துக்கொண்டால் என்ன? அது பெரிய நடுக்கத்தில் ஏமாந்துபோகும். 4.0-க்கான பிளவு ஒரு விநாடிக்குள் கிழிந்து முடிந்துவிடும். நேபாளத்தில் கிழிசல் ஓடி முடிக்க ஏறக்குறைய 50 விநாடி ஆனது. பெரிய நடுக்கம் தன் ஆற்றலின் பெரும்பகுதியை மிக மெதுவான, நீண்ட அலைகளில் கொட்டுகிறது. வுட்-ஆண்டர்சன் கருவியோ ஒரு விநாடிக்கும் குறைவான அலைவு நேரத்துக்காகச் செய்யப்பட்டது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி சத்தம் காணாமல் போகுமே, அந்த மாதிரி. நடுக்கம் இன்னும் எத்தனை பெரிதானாலும் அந்தக் கருவியில் கோடு அதற்கேற்ற அளவுக்கு உயராது, 7-க்குப் பக்கத்தில் எண் தேங்கி நின்றுவிடும்.

இது வெறும் கருவிக் குறை இல்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவில் பிளவு கிழியத் தொடங்கியது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் கொடுத்த முதல் அறிவிப்பில் இருந்த எண் 8.0. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதை 8.5 என்று உயர்த்தினார்கள். நீண்ட அலைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு தெரிந்த உண்மையான அளவு 9.1-க்குக் குறையாது. 8.0-க்கும் 9.1-க்கும் நடுவில் 45 மடங்கு இருக்கிறது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளப் பிளவு அது, கிழிந்து முடியவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, முதலில் வந்த அலைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் ஒரு மூலைதான் தெரிந்தது. கடலைத் தூக்குவது கடல்தரையின் சறுக்கல்தான், எனவே அந்த 45 மடங்கில்தான் சுனாமியே இருந்தது. சென்னைக் கரைக்கு அலை வர சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. சரியான எண் இருந்தாலும் அதை மெரினாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் கொண்டுசேர்க்க அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது. நீண்ட அலைகளைப் பிடிக்கும் நல்ல கருவிகளுக்கும், அவற்றை இருபத்து நாலு மணி நேரமும் பார்க்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்குவதில் கை இறுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. பேரழிவு வந்த பிறகு வாங்குகிற கருவி அடுத்த தலைமுறைக்குத்தான் உதவும்.

அப்புறம், பிப்ரவரியில் எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு தகவல் சுற்றியது. சின்னச் சின்ன நடுக்கங்கள் வருவது நல்லது, உள்ளே இருக்கும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பெரியது வராது என்று. கேட்க ஆறுதலாக இருக்கிறது, படித்தவர்களே பகிர்ந்தார்கள். மேலே போட்ட கணக்கு அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு 7.8-ன் ஆற்றலை 4.0 நடுக்கங்களாகச் சில்லறை மாற்ற 5 லட்சம் நடுக்கங்கள் வேண்டும். தினமும் ஒன்று என்று தவறாமல் வந்தாலும் 1,370 வருடம் ஆகும். இந்தப் பொய் ஆறுதலை நம்பி ஒருவர் தன் வீட்டுத் தூணின் கம்பியைச் சோதிக்காமல் விட்டுவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

இதை மாமாவிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். ஜூலை 10 காலை ஒன்பது மணி வாக்கில் ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் 4.4 வந்தபோது மறுபடி எல்லோரும் கீழே நின்றோம். பிப்ரவரி அளவுக்கு இங்கே உதறவில்லை. பக்கத்தில் ஒருவர் "இது சின்னதுதான்" என்றார். மாமா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்லை சார், அன்னிக்கு வந்ததுக்கு இது நாலு மடங்கு. தூரமா வந்திருக்கு, அவ்வளவுதான்."