மன்னவனூர் எத்தனை துண்டு?

நீலகிரிச் செய்திகளை மட்டுமே படித்துப் பழகிய ஒரு மொழி மாதிரி, அதாவது உரையைக் கையாளும் கணினி நிரல், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் குன்னூரும் கூடலூரும் தெரியும். "மன்னவனூரிலிருந்து பூண்டு மூட்டைகள் வந்தன" என்று பழனி மலைப் பக்கத்து வரி ஒன்று வந்தால் என்ன ஆகும்? முழுச் சொற்களை மட்டும் பட்டியல் போடும் பழைய முறையில், 'தெரியாத சொல்' என்ற ஒரே அடையாளம் அங்கே விழும். ஊர்ப்பெயரோடு 'இலிருந்து' என்ற தகவலும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு மாற்றாக வந்தது சொல்லைத் துண்டுகளாகப் பிரிக்கும் முறை. 1994-இல் பிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்க எழுதிய ஒரு உத்தியை, ரிக்கோ சென்ரிச்சும் சக ஆய்வாளர்களும் மொழிபெயர்ப்பு மாதிரிகளுக்குக் கொண்டுவந்தார்கள். செய்வது இவ்வளவுதான்: எழுத்துகளைத் தனித்தனியாக வைத்து, அடுத்தடுத்து அதிகம் வரும் இணையை ஒட்டி, மறுபடி எண்ண வேண்டும்.

குன்னூரில், கூடலூரில், குன்னூரிலிருந்து, கூடலூரிலிருந்து என்ற நான்கு சொற்களில் செய்து பார்ப்போம். கணினிக்கு 'னூ' ஒரே எழுத்து அல்ல. 'ன' தனி, 'ூ' தனி. 'ூ'வும் 'ர'வும் நான்கு சொற்களிலும் அடுத்தடுத்து வருவதால் 'ூர' ஆகின்றன. அப்புறம் 'ூரி', அதன்பின் 'ூரில'. காட்டிலிருந்து, தோட்டத்திலிருந்து போன்றவையும் சேர்ந்தால் 'ிருந்து' என்பதும் ஒரு துண்டாகும். இலக்கணப்படி வெட்டு 'இல்'லுக்குப் பிறகு விழ வேண்டும். எண்ணிக்கைக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது புதிய சொல் இப்படிப் பிரியும்:

```
ம | ன | ் | ன | வ | ன | ூரில | ிருந்து
```

கடைசி இரண்டு துண்டுகளும் பழகியவை. 'கிளம்பியது', 'வந்தன' போன்ற சொற்களோடு அவை வருவதை மாதிரி முன்பே பார்த்திருக்கிறது. அதனால் இது ஏதோ ஓர் இடம், அங்கிருந்து ஏதோ வருகிறது என்பது பிடிபடும். அந்த ஊர் எந்த மலையில் இருக்கிறது என்பது துண்டுகளிலிருந்து தெரிய வராது.

சரி, 'ம'வும் 'வ'வும் அந்த நான்கு சொற்களில் இல்லையே? அதற்காகத்தான் ஜிபிடி-2 போன்ற மொழி மாதிரிகள் எழுத்துக்கும் கீழே, கணினி எழுத்தைச் சேமிக்கும் பைட்டிலிருந்து தொடங்குகின்றன. 'ம' என்பது `E0 AE AE` என்ற மூன்று பைட்டுகள். மொத்தம் 256 பைட்டுகளும் பட்டியலில் இருப்பதால் எழுத முடியாத சொல்லே கிடையாது.

ஆனால் தமிழுக்கு அங்கே ஒரு இடி விழுந்தது. துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே, 'எழுத்து' அல்லாத குறி வரும் இடத்தில் ஜிபிடி-2 வரியை வெட்டிவிடும். யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் துணைக்குறிகளும் எழுத்துகள் அல்ல. அதனால் 'ூ'வும் 'ர'வும் எத்தனை கோடி முறை சேர்ந்து வந்தாலும் ஒட்டவே முடியாது. 'மன்னவனூரிலிருந்து' என்ற ஒரே சொல்லுக்குக் குறைந்தது 14 துண்டுகள், அதாவது டோக்கன்கள், ஆகும். 2024-இல் வந்த ஜிபிடி-4ஓவின் வெட்டும் விதியில்தான் இந்தக் குறிகளும் எழுத்துகளோடு சேர்க்கப்பட்டன.