சோக நாடகத்தில் கோமாளிக்கு என்ன வேலை?

நாடகப் பிரதிகளைப் படித்துத் திருத்தம் சொல்வதும் ஒத்திகை நடத்துவதும் என் தொழில். சோகக் கதை எழுதும் இளைஞர்களின் பிரதிகளில் ஒரே கோளாறு அடிக்கடி கண்ணில் படுகிறது. கதை ரொம்பக் கனமாகிவிட்டது என்று பயம் வந்ததும் ஒரு குடிகாரரையோ காது கேட்காத தாத்தாவையோ உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். அரங்கம் சிரிக்கும். அவர்கள் போனதும் மகனை இழந்த தாய் மறுபடி அழத் தொடங்குவாள். ஆனால் அந்தத் துக்கத்துக்குள் திரும்பிப் போகப் பார்வையாளருக்கு வழி இருக்காது. சினிமாவில் காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, தனியாகப் படமாக்கிச் சேர்த்த பழக்கம் நம் எல்லோருக்குள்ளும் ஊறியிருக்கிறது. சிரிப்பு என்றால் சோகத்துக்கு விடும் இடைவேளை என்றே நினைத்துவிடுகிறோம்.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. ஐம்பது வரி அளவுக்கான சின்னக் காட்சிதான். கிழ அரசன் லியர் தன் நாட்டை இரண்டு மூத்த மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான். உண்மையாக நேசித்த கடைசி மகள் கார்டிலியாவை ஒன்றும் தராமல் துரத்திவிட்டான். மூத்தவள் கானரில் அவனை அவமதித்துவிட்டாள். அடுத்தவள் ரீகன் ஆதரிப்பாள் என்ற நம்பிக்கையில் கிளம்புகிறான். குதிரைகள் தயாராகும்வரை அவனோடு அரசவைக் கோமாளி நிற்கிறான். காட்சியில் நடப்பது இவ்வளவுதான்.

கோமாளி விடாமல் விடுகதை போடுகிறான். முகத்துக்கு நடுவில் மூக்கு ஏன் இருக்கிறது? கண்கள் இரண்டும் இரண்டு பக்கமாக இருப்பதற்குத்தான்; மோந்து கண்டுபிடிக்க முடியாததைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாமே. இதைக் கேட்டு லியர் சிரிக்கவில்லை. “அவளுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன்” என்கிறான். எவளுக்கு என்று சொல்வதில்லை. கார்டிலியாதான் என்று அரங்கில் எல்லோருக்கும் புரிகிறது. கோமாளி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளாமல் உடனே அடுத்த விடுகதைக்குத் தாவுகிறான். நத்தைக்கு ஏன் வீடு இருக்கிறது? தலையை உள்ளே வைத்துக்கொள்ள. மகள்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கொம்போடு வெளியே நிற்பதற்கா?

இங்கே அரங்கம் சிரிக்கும். ஆனால் சிரித்தது லியரின் முட்டாள்தனத்தைப் பார்த்து. கோமாளியின் பகடிகள் எங்கே தொடங்கினாலும், வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கும் கிழவனிடமே திரும்பிவருகின்றன. காயத்துக்கு வெளியே நின்று சிரிக்க இடமே தரப்படவில்லை. நான் பிரதி படிக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். அந்த நகைச்சுவையைத் தூக்கி வேறொரு நாடகத்தில் வைத்தாலும் அதே அளவு சிரிப்பு வருமா? வரும் என்றால் அது இந்தக் கதையைச் சேர்ந்தது இல்லை.

அடுத்தது, கோமாளிக்கு அந்தக் காட்சியில் ஒரு தேவை இருக்கிறது. கார்டிலியா போனதிலிருந்து அவன் இளைத்து வாடிப்போயிருக்கிறான் என்று முந்தைய காட்சியிலேயே ஒரு சேவகன் சொல்லிவிடுகிறான். இப்போது லியரின் மனம் நழுவுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறான். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் கிழவர் பதில் சொல்லவாவது இங்கே இருப்பார். அதற்காகத்தான் விடுகதைகள். ஏழு நட்சத்திரங்கள் ஏன் ஏழாகவே இருக்கின்றன என்று கேட்கிறான். “எட்டு இல்லாததாலா?” என்று லியர் சரியாகச் சொல்லிவிடுகிறான். “நீ நல்ல கோமாளியாக வந்திருப்பாய்” என்று பாராட்டும் கிடைக்கிறது. அடுத்த நொடியே லியர், கொடுத்ததைப் பலவந்தமாகத் திரும்பப் பிடுங்குவதைப் பற்றித் தனக்குள் பேசத் தொடங்குகிறான். கயிறு கையை விட்டுப் போய்விட்டது.

அடுத்து வரும் பகடி கொடூரமானது. அறிவு வருவதற்கு முன்னால் உனக்கு வயதாகியிருக்கக் கூடாது என்கிறான் கோமாளி. அதற்கு லியரின் பதில்: “ஐயோ, எனக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டாம்.” நாடகத்தில் இந்தப் பயத்தை அவன் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வது இங்கேதான். அரங்கம் சிரிக்க வாயைத் திறந்திருக்கும்போது இந்த வரி வந்து விழுகிறது. நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவனே தனக்கு நடப்பதை அறிந்திருக்கிறான் என்று தெரியும்போது, அழுகைக் காட்சியால் எட்ட முடியாத ஓர் இடத்துக்குத் துக்கம் போய்விடுகிறது.

ஒத்திகையில் இதைக் கெடுப்பது சுலபம். கோமாளியாக நடிப்பவர் லியரை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்து விடுகதை போடுவார். அந்தக் கணமே அவர் தனிக் கச்சேரிக்காரராகிவிடுவார். அவர் கண் லியரின் முகத்திலேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு பகடியும் வேலை செய்ததா என்று தேட வேண்டும். லியராக நடிப்பவரின் ஆசை வேறு. “அநியாயம் செய்துவிட்டேன்” என்ற வரிக்கு முன்னால் நின்று, மூச்சிழுத்து, கண்கலங்கிச் சொல்லப் பார்ப்பார். சில இயக்குநர்கள் அங்கே புல்லாங்குழலும் சேர்ப்பார்கள். அந்த வரி பாதிக் காதோடு விடுகதை கேட்கிறவனின் வாயிலிருந்து தவறி விழ வேண்டும். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தும் சொல்லக் கூடாது. சிரிப்பின் வால் இன்னும் அரங்கில் இருக்கும்போதே சொன்னால், பார்வையாளர் தாங்களே தங்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப் பட்டென்று அறுந்தால் காட்சி சரியாக நடக்கிறது என்று பொருள். சிரிப்பு தானாகத் தேய்ந்து, ஆட்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் நடக்கவில்லை.

நம்மூர்ச் சூழலில் எழுதப்பட்ட ஒரு பிரதியையும் சொல்கிறேன். சாவு வீடு. வெளிநாட்டு மகள் வரும்வரை அப்பாவின் உடல் ஃப்ரீசர் பாக்ஸில். நடுவே பந்தல்காரரும் சமையல்காரரும் பணத்துக்காக அடித்துக்கொள்ளும் நீண்ட காமெடி. நன்றாகவே எழுதியிருந்தார், ஆனால் எந்த விசேஷ வீட்டுக்கும் பொருந்தும் சண்டை அது. இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து வீடு முழுக்க ஸ்விட்சை அணைத்துக்கொண்டே திரிவாராம். சண்டையை எடுத்துவிட்டு அதை வைத்தோம். தம்பி பெட்டியைப் பார்த்து, “ராத்திரி பூரா ஓடுது, பில்லைப் பாத்தா அண்ணன் எழுந்து உக்காந்துடுவாரு” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், மனைவியும்தான். சிரித்தபடியே அவள் எழுந்து போய் ஆளில்லாத அறையின் விளக்கை அணைத்துவிட்டு வருகிறாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த வசனம் மகளின் விமானம் எத்தனை மணிக்கு என்பது.

லியரின் கோமாளியைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து மேடை சோதித்தே பார்த்தது. 1681இல் நேஹம் டேட் என்ற கவிஞர் அந்த நாடகத்தை மாற்றி எழுதினார். கோமாளி அடியோடு போனான். கூடவே சோக முடிவும் போயிற்று. கார்டிலியா பிழைத்துத் திருமணமும் செய்துகொள்கிறாள். சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் மேடையில் கோலோச்சியது அந்த வடிவம்தான். 1838இல் மக்ரெடி என்ற நடிகர் கோமாளியைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் தயக்கத்தோடுதான் கொண்டுவந்தார். பிரிசில்லா ஹார்ட்டன் என்ற நடிகை அந்த வேடத்தை ஏற்றார்.

ஆனால் ஷேக்ஸ்பியரே கோமாளியைக் கடைசிவரை வைத்திருக்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சிக்குப் பிறகு அவன் மேடைக்கு வருவதில்லை. லியருக்கு முழுதாகப் பித்துப் பிடித்துவிட்டது, இழுத்துப் பிடிக்க இனி யாரும் இல்லை. கோமாளியின் தேவை தீர்ந்துவிட்டது. அதன்பிறகு நான்காம் அங்கத்தில், கண் பிடுங்கப்பட்ட கிளாஸ்டர் பிரபுவிடம் லியரே குரூரமான பகடிகள் பேசுகிறான். கார்டிலியாவின் உடலைத் தூக்கிவரும் கடைசிக் காட்சியில் அதுவும் கிடையாது. பிரதி எழுதுகிறவர்களிடம் ஆகவே இன்னொன்றும் கேட்கிறேன்: உங்கள் நாடகத்தில் சிரிக்கவைப்பவர் எந்தக் காட்சியோடு போகிறார், ஏன் அங்கே போகிறார்? பதில் இல்லையென்றால் அவரை உள்ளே கொண்டுவந்த காரணத்தையும் பெரும்பாலும் யோசித்திருக்க மாட்டார்கள். அப்போது முதல் காட்சியிலிருந்து மறுபடி படிக்க உட்காருகிறோம்.