ஒட்டுப்படம் இல்லீங்க, பொருத்துப்படம்

பழைய வண்ணாரப்பேட்டைல சின்னதா ஒரு டிசைன் கடை வச்சிருக்கேன். பேனர், போஸ்டர், கல்யாண ஆல்பம், எது வந்தாலும் செய்றது தான். போன வாரம் கடைப்பையன் ஒரு போட்டோ வகுப்புல குடுத்த தமிழ் நோட்ஸ எடுத்துட்டு வந்தான், அதுல காம்போசிட்டுக்கு, அதாவது தனித்தனியா எடுத்த படங்கள சேத்து ஒரே படமாக்குறதுக்கு, 'ஒட்டுப்படம்'னு போட்டிருக்கு. எத்தன வாட்டிதான் இத பாக்குறது? கஸ்டமர் சொன்னா பரவால்ல, சொல்லிக்குடுக்குறவங்களே அப்டி எழுதுனா வர்ற பசங்க என்னத்த கத்துக்குவாங்க.

சொல்லோட மூலம் சிம்பிள். லத்தீன்ல காம்னா கூட, போனெரேனா வைக்கிறது. சேத்து வச்சது, அவ்ளோதான். பசையே இதுல கெடையாது. பசை இருக்குறது கொலாஜ்ல, பிரெஞ்சுல கொல்லேன்னா ஒட்றது. அப்ப 'ஒட்டுப்படம்' கொலாஜோட சொத்து, அத தூக்கி காம்போசிட்டுக்கு குடுத்துட்டா கொலாஜுக்கு என்ன குடுப்பீங்க?

எங்க தெருல ரிட்டயர்டு தமிழய்யா ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட பொலம்புனேன். அவரு, "ஏம்பா, ஒட்டுமாங்கா சொல்றோமே, ரெண்டு மரம் ஒரு மரமாகுதே, ஒட்டுல என்ன கொற?"ன்னாரு. நல்ல கேள்வி தான். ஆனா ஐயா, ஒட்டு கட்றவன் மொதல்ல என்ன பண்றான்? குச்சியும் கன்னும் ஒரே தடிமன்ல இருக்கான்னு பாத்து எடுக்குறான், அது இல்லன்னா எவ்ளோ இறுக்கி கட்னாலும் புடிக்காது. அந்த வேலைக்கு உயிரே பாத்து எடுக்குறதுல தான் இருக்கு, ஆனா 'ஒட்டு'ங்குற சொல்லு கடைசில கட்ற கட்ட மட்டும் தான் காட்டுது. காதுக்கும் அது ஸ்டிக்கர் மாதிரி, கிழிஞ்ச சட்டைல போட்ட ஒட்டு மாதிரி தான் கேக்குது. அதனால தான் கஸ்டமர் வாட்ஸப்ல எடுத்த ஒரு செல்ஃபிய அனுப்பிட்டு "இத அந்த பீச்சு படத்துல சும்மா ஒட்டிக் குடுப்பா"ங்குறாங்க. சும்மா ஒட்ட முடியாதுண்ணா.

நான் சொல்ற சொல்லு பொருத்துப்படம். கல்யாணத்துல பொருத்தம் எப்ப பாப்பாங்க? தாலி கட்டிட்டா பாப்பாங்க? காம்போசிட்டும் அதே கதை, போட்டோஷாப்ப தெறக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு ஜாதகமும் கைல இருக்கணும், ஒன்னு கேமரா உயரம், இன்னொன்னு வெளிச்சம் எங்க இருந்து வருதுங்குறது.

இத நானே பட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். பங்குனி மாசம், பாக்ஸிங் சொல்லிக்குடுக்குற ஒரு அண்ணன் வந்து அவர்கிட்ட கத்துக்குற பையன் ஒருத்தன் காசிமேடு கடற்கரை கல்லு மேல நிக்கிற மாதிரி போஸ்டர் கேட்டாரு. பையனுக்கு காலைல பயிற்சி, கடலுக்கு வர முடியாது. சரின்னு நான் மட்டும் போய் காலைல ஏழரை மணிக்கு வடக்க பாத்து படம் எடுத்தேன், எண்ணூர் பக்கமா கரை போகுது, வலது பக்கம் கடல், சூரியன் வலதுல இருந்து நேரா அடிக்குது. மணல்ல ட்ரைபாடு, லென்ஸ் தரைல இருந்து 4 அடி. அன்னிக்கே பையன எங்க மொட்டை மாடிக்கு வரச்சொல்லி அதே 4 அடில எடுத்தேன், அவன் வந்து சேர்றப்போ மணி பத்து. அப்புறம் மூணு மணி நேரம் உக்காந்து வெட்டி, நெழல் வரைஞ்சு, கலர் ஏத்தி எறக்கி காட்டுனா அண்ணன் பாத்துட்டு, "இன்னாபா, புள்ள வழுக்கி வுழுற மாறி கீறான்"ன்னாரு. நான் கலர் கொறன்னு நெனச்சி இன்னும் ஒரு மணி நேரம் கலரோட மல்லுக்கட்னேன்.

கொற கலர்ல இல்ல. சமதரைல நீங்க எடுக்குற எந்த படத்துலயும் கடல் வானத்த தொடுற கோடு, உங்க லென்ஸ் எவ்ளோ உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல தான் எல்லாரையும் வெட்டும். 4 அடில எடுத்தா அஞ்சரை அடி பையனுக்கு அந்த கோடு நெஞ்சுல போகும், அவன் கிட்ட நின்னாலும் தூரத்துல நின்னாலும் நெஞ்சு தான். அதனால கால எங்க வைக்கிறோம்ங்குறது முடிவாச்சுன்னா அவன் சைஸும் தானா முடிவாயிடும், கண் மதிப்புல இழுத்து சின்னதாக்க வேண்டியதில்ல. ஆனா நம்ம பையன் நிக்கிறது மணல்ல இல்லயே, 2 அடி ஒசந்த கல்லு மேல. அப்ப அவன் பாதத்துல இருந்து பாத்தா லென்ஸ் 2 அடி மேல தான் இருக்கு, கோடு முட்டிக்கு கொஞ்சம் மேல போகணும். நானோ 4 அடி மேல இருந்து அவன் ஷூவ பாத்திருக்கேன், கல்ல 2 அடி மேல இருந்து பாத்திருக்கேன். ஷூ ஒரு பக்கம் சாயுது, கல்லு ஒரு பக்கம் சாயுது, வழுக்காம என்ன பண்ணும்.

இங்க தான் அந்த நோட்ஸு மேல இன்னும் கோவம். அதுல "கேமரா கோணம் பொருந்த வேண்டும்"னு இருக்கு. கோணம் வேற, உயரம் வேற சார். கேமராவ மேலயும் கீழயும் சாய்க்கிறது கோணம், தரைல இருந்து எவ்ளோ மேல வைக்கிறோம்ங்குறது உயரம். கண்ணு மட்டத்துல வச்சு லேசா கீழ சாய்ச்சதையும் முட்டி மட்டத்துல வச்சு அதே அளவு சாய்ச்சதையும் சேத்தா கோணம் ஒன்னு தான், படம் சேருமா? மொழிபெயர்க்குறவங்க ஒரு நாள் கேமராவ கைல புடிச்சு பாத்திருந்தா இந்த தப்பு வராது. அகராதில 'ஆங்கிள்'னு தேடி முதல்ல இருக்குறத எடுத்து வச்சிட்டு போயிட்றாங்க. 'ஒளியின் திசை'ன்னு இன்னொன்னு, அது சரியான தமிழ் தான், ஆனா படிக்கிறவன் எடமா வலமான்னு மட்டும் பாத்துட்டு விட்டுட்றான், எவ்ளோ மேல இருந்து வருதுன்னு பாக்குறதில்ல.

நானும் அத தான் பண்ணேன். கடல்ல எடுத்தப்போ ஒரு அடி ஸ்கேல மணல்ல நட்டு வச்சி நெழலயும் சேத்து ஒரு படம் எடுத்திருந்தேன், நெழல் மூணு அடிக்கு கொஞ்சம் கம்மி, வெயில் நல்லா தாழ வருது. மாடில பத்து மணிக்கு அதே ஸ்கேலோட நெழல் ஒரு அடி கூட இல்ல. வலது பக்கம்னு பாத்தா ரெண்டுமே வலது தான். ஆனா ஒன்னுல கன்னம் முழுசா பளிச்சுன்னு இருக்கணும், இன்னொன்னுல கண்ணுக்குழி இருட்டிக்கிட்டு மூக்கு நெழல் வாய் மேல வுழுது. இத எந்த ஸ்லைடர் மாத்தும்?

பயிற்சி இல்லாத ஞாயித்துக்கெழம ஏழரைக்கு மறுபடி வரச்சொன்னேன். மாடில 2 அடி சிமெண்ட் திண்ணை ஒன்னு இருக்கு, அது மேல ஏத்தி நிக்க வச்சேன், ட்ரைபாடு மாடித்தரைல 4 அடி, போன் காம்பஸ பாத்து கேமரா வடக்க. கல்லுக்கும் கேமராக்கும் கடல்ல 15 அடி இருந்துச்சு, இங்கயும் டேப்பு வச்சு 15 அடி, ஏன்னா தூரம் மாறுனா மூஞ்சி, கை, கால் அளவே மாறும், அது க்ராப் பண்ணா சரியாகாது. மாடில வெள்ளை கூலிங் டைல்ஸ் வேற, கீழ இருந்து வெளிச்சம் எகிறி தாடைக்கு அடில அடிச்சிது, கருங்கல்லுல அப்டி அடிக்காதேன்னு ஒரு சாக்க விரிச்சேன். பையன் சிரிக்கிறான், "அண்ணா, சாக்கு மேலயா சாம்பியன்?"னு.

இந்த வாட்டி வெட்டி வச்சி, கடல் கோட்ட முட்டிக்கு மேல கொண்டாந்து, கால கல்லுல வச்சேன். நாப்பது நிமிஷம், அதுவும் பாதி நேரம் முடிய வெட்றதுக்கு தான் போச்சு.

இது ஒன்னும் புது வேலை இல்ல. 1857லயே இங்கிலாந்துல ரெய்லாண்டர்னு ஒரு போட்டோகிராபர் 30க்கு மேல நெகட்டிவ வச்சு ஒரே படம் பண்ணாரு, ராபின்சன்னு இன்னொருத்தர் 1858ல அஞ்சு நெகட்டிவ்ல பண்ணாரு, அவரு பென்சில்ல ஸ்கெட்ச் போட்டு யாரு எங்கன்னு திட்டம் பண்ணி எடுக்குற ஆளு. போட்டோஷாப் இல்லாத காலத்துல சரியா வரலன்னா திரும்ப எடுக்குறது தான் வழி, அதனால மொதல்லயே பாத்தாங்க.

தமிழய்யாகிட்ட ரெண்டு படத்தையும் காட்டுனேன். கண்ணாடிய ஏத்திப் பாத்துட்டு, "பொருத்துப்படம்னா ஆசாரி சட்டம் மாட்றதுன்னு நெனப்பாங்களேப்பா"ன்னாரு. நெனக்கட்டும் ஐயா, ஆசாரியும் அளந்துட்டு தான அறுக்குறாரு.