தச்சர் பத்து நாள் தாமதித்தால் வீடு ஏன் தாமதிக்காது?

கட்டட சைட்டில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஆபீஸ் சுவரில் கலர் கலராகக் கோடு போட்ட கான்ட் சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று தனியாக ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மேஸ்திரிக்கு எப்படிச் சொல்வது?”

கான்ட் சார்ட் எளிது. இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே நாட்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட்டின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. போலந்துக்காரர் கரோல் அடமியெட்ஸ்கி அவருக்கு முன்பே, 1896-இல், இதைப் போன்ற ஒன்றை வரைந்திருந்தார், பாவம்.

நம் சுவாரசியம் பட்டைகளில் இல்லை, அவற்றுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தில்தான். ஒரு முதல் மாடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். சென்ட்ரிங் 1 முதல் 6-ஆம் நாள் வரை. கம்பி கட்டு 7 முதல் 10 வரை. 11-ஆம் நாள் கான்கிரீட். அப்புறம் காத்திருப்பு. 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு அடியில் முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. அது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. பிபிசி என்கிற கலப்புச் சிமெண்ட் மூட்டை வந்தால் இன்னும் கூடும். ஆக 25-ஆம் நாள் வரை முட்டைத் தொடக்கூடாது. 26, 27-இல் பிரித்து, 28-ஆம் நாள் காலை கீழே உள்சுவர்ச் செங்கல் வேலை தொடங்கும். அன்றைக்குக் கதவு நிலைகள் கையில் இருக்க வேண்டும்.

தச்சரிடம் 3-ஆம் நாள் ஆர்டர் கொடுத்தாயிற்று, வேலை 12 நாள். 14-ஆம் நாள் நிலைகள் வந்துவிடும், தேவைப்படுவதோ 28-இல். நடுவில் 13 நாள் சும்மா கிடக்கிறது. இதுதான் ஃப்ளோட். தச்சர் பத்து நாள் இழுத்தடித்தால் போனில் சத்தம் போடலாமே தவிர, வீடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. பதினைந்து நாள் இழுத்தடித்தால் இரண்டே நாள் தள்ளும். சென்ட்ரிங்குக்கு அந்த வசதி இல்லை. அதில் இரண்டு நாள் போனால் கம்பி, கான்கிரீட், முட்டு, சுவர் எல்லாமே இரண்டு நாள் நகரும்.

இப்போது, என்னென்ன தவறிப்போகலாம் என்று பட்டியல் போடும் அந்த ரிஸ்க் ரெஜிஸ்டர் நோட்டுக்கு வருவோம். வழக்கமாக ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்குள் ஒரு எண், பாதிப்புக்கு ஐந்துக்குள் ஒரு எண் போட்டுப் பெருக்குவார்கள். தச்சர் தாமதம்: 4 × 3 = 12. சென்ட்ரிங் ஷீட் வராமல் போவது: 2 × 3 = 6. நோட்டை மட்டும் பார்ப்பவர் தச்சரைத்தான் துரத்துவார். சுவரில் இருக்கும் சார்ட்டைப் பார்த்தால் கதை தலைகீழ். பாதிப்பு எண்ணை மனத்தில் தோன்றியபடி போடக் கூடாது; “எத்தனை நாள் தாமதம், அதில் ஃப்ளோட் எவ்வளவு விழுங்கும், மிச்சம் எவ்வளவு” என்று சார்ட்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். தச்சருக்கு மிச்சம் சுழி. என்னைக் கேட்டால் அந்தப் பெருக்கலையே விட்டுவிட்டு மிச்ச நாட்களை எழுதலாம்.

ஃப்ளோட் கரையும், அதையும் மறக்கக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்க மறந்து ஆர்டர் 16-ஆம் நாள்தான் போனது என்றால் நிலைகள் 27-ஆம் நாள் மாலை வரும். தச்சர் அதே தச்சர்தான், ஆனால் இனி அவருடைய ஒவ்வொரு நாளும் வீட்டின் நாள். நோட்டில் பழைய எண்ணே இருந்தால் அது பொய் எண். முதல் நாள் நிரப்பி அலமாரியில் வைக்கும் ரெஜிஸ்டர்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

மழையையும் ஒழுங்காக எழுத வேண்டும். “மழை வரலாம்” என்பது ரிஸ்க் இல்லை, வானிலை அறிக்கை. “கான்கிரீட் போடும்போது மழை பிடித்தால் பாதியில் நிறுத்த வேண்டி வரும், ஜாயிண்ட் தப்பான இடத்தில் விழும்” என்று எழுதினால்தான் என்ன செய்யலாம் என்பதும் கூடவே வரும். முந்தின நாள் மாலை வானிலை மைய அறிவிப்பைப் பார்ப்பது சூப்பர்வைசர். தார்ப்பாய் ஏற்றி வைப்பது மேஸ்திரி. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டு தாங்கலுக்கு இடைப்பட்ட ஸ்பானின் நடுப்பகுதியில் எங்கே நிறுத்துவது என்று முன்பே குறித்துக் கொடுப்பது எஞ்சினியர். பெயர் இல்லாத வரிக்கு ஆள் கிடையாது.

எந்த நோட்டிலும் நான் பார்க்காத ஒரு வரி உண்டு: முகூர்த்தம். ஆடியில் பூமி பூஜை கூடாது என்று ஆவணிக்குத் தள்ளுகிறோம். அஸ்திவாரத்திலிருந்து தளம் வர இரண்டு மாதம் ஆனால், கான்கிரீட் நேராக ஐப்பசி மழையில் போய் நிற்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரருக்கு இருக்கிறது, பணம் அவருடையது. அதனால் கேலி செய்யாமல் கணக்கில் சேருங்கள். கான்கிரீட்டுக்கு அவர் குறித்த நாள் 11, அடுத்த நல்ல நாள் 19 என்று வையுங்கள். சென்ட்ரிங் இரண்டு நாள் தாமதித்தால் தாமதம் இரண்டு இல்லை, எட்டு. அதை நோட்டில் எழுதி, சென்ட்ரிங் ஷீட்டை ஒரு வாரம் முன்னதாகவே இறக்கிவிடுங்கள்.